கப்பல் கிளம்பிவிட்டது, பெட்டி ஏறியதா? கன்ட்ரோல் டவர் டாஷ்போர்டு: ஓர் எளிய விளக்கம்

ஒரு நிறுவனம் மாதத்துக்கு 400 கன்டெய்னர் அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். அத்தனையையும் ஒரே கப்பல் கம்பெனி எடுத்துப் போவதில்லை. பன்னிரண்டு கேரியர்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு வெப்சைட், அதில் ஒரு டிராக்கிங் பக்கம். காலையில் வந்து உட்கார்ந்ததும் ஒருவர் பன்னிரண்டு டேப் திறந்து, கன்டெய்னர் எண்களை ஒவ்வொன்றாகப் போட்டு, வந்த தேதிகளை எக்ஸெல்லில் ஒட்டுவார். முடிக்கும்போது மதியம் ஆகிவிடும். முதலில் ஒட்டிய தேதி அதற்குள் பழசாகியிருக்கும்.

இந்த வேலையை ஒரே இடத்தில் சேர்த்துச் செய்யும் ஏற்பாட்டுக்குத்தான் கன்ட்ரோல் டவர் என்று பெயர். பன்னிரண்டு கேரியர்களும் அனுப்பும் செய்திகளை அது தானாகவே வாங்கிக்கொள்கிறது, ஒரே மொழிக்கு மாற்றுகிறது, ஒவ்வொரு சரக்கும் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று திரையில் காட்டுகிறது. எங்கேயாவது ஏதாவது தவறிப்போனால் ஓர் ஆளின் கையில் அதை ஒப்படைக்கிறது. இந்தக் கடைசி வேலைதான் இதன் உயிர். உலக வரைபடத்தில் கப்பல் புள்ளிகள் நகர்வதைப் பார்க்க அழகாக இருக்கும், காட்டிக்கொள்ளவும் நன்றாக இருக்கும். ஆனால் அந்தப் புள்ளியைப் பார்த்து யாரும் எந்த முடிவும் எடுப்பதில்லை.

நல்ல டாஷ்போர்டு ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும்: இந்நேரம் நடந்திருக்க வேண்டியது எது, அது ஏன் இன்னும் நடக்கவில்லை? இந்தக் கட்டுரை முழுக்க அந்த ஒரு கேள்வியைப் பற்றியதுதான்.

மைல்ஸ்டோன் என்றால் என்ன

ஒரு கன்டெய்னரின் பயணத்தில் "நடந்தது, நடக்கவில்லை" என்று தெளிவாகச் சொல்லக்கூடிய நிகழ்வுகள்தான் மைல்ஸ்டோன்கள். காலிப் பெட்டியை டிப்போவிலிருந்து எடுத்தாயிற்று. சரக்கு ஏற்றிய பெட்டி துறைமுகக் கேட்டுக்குள் போயிற்று. கப்பலில் ஏறியது. கப்பல் கிளம்பியது. நடுவில் வேறு துறைமுகத்தில் இறங்கி வேறு கப்பலில் ஏறியது; இதைத்தான் டிரான்ஷிப்மென்ட் என்கிறோம். அப்புறம் போய்ச்சேரும் துறைமுகத்தில் இறங்கியது, கஸ்டம்ஸ் முடிந்தது, கேட்டை விட்டு வெளியே வந்தது, கிடங்குக்கு வந்து சேர்ந்தது, காலிப் பெட்டியைத் திருப்பிக் கொடுத்தாயிற்று.

ஒவ்வொரு மைல்ஸ்டோனுக்கும் மூன்று விதமான நேரம் உண்டு. முதலில் திட்டமிட்ட நேரம்: புக்கிங் செய்தபோது கேரியர் சொன்னது. அடுத்தது கணிக்கப்படும் நேரம்: இன்றைய நிலவரப்படி எப்போது நடக்கும் என்பது. மூன்றாவது உண்மையில் நடந்த நேரம். பெரிய கன்டெய்னர் கப்பல் கம்பெனிகள் சேர்ந்து 2019-ல் தொடங்கிய டிஜிட்டல் கன்டெய்னர் ஷிப்பிங் அசோசியேஷன் என்ற அமைப்பு, டிராக்கிங் செய்திகளுக்கு ஒரு பொது வடிவம் வகுத்திருக்கிறது. அதில் இந்த மூன்றுக்கும் `PLN`, `EST`, `ACT` என்று குறியீடுகள் இருக்கின்றன.

புதிதாக டவர் அமைப்பவர்கள் இங்கேயே ஒரு தவறு செய்துவிடுவார்கள். கேரியர் புதிய தேதி அனுப்பும்போதெல்லாம் பழைய தேதியின் மேலேயே அதை எழுதிவிடுவார்கள். பத்து நாள் தாமதமான கப்பல்கூட அப்போது "சரியான நேரத்தில்" என்று பச்சையாகத் தெரியும், ஏனென்றால் ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய தேதியே மிச்சம் இல்லை. முதலில் கொடுத்த வாக்கை அப்படியே பூட்டி வைத்துவிட்டு, கணிப்பை மட்டும் தனியே மாற்றிக்கொண்டு போக வேண்டும்.

பன்னிரண்டு பேர், பன்னிரண்டு பேச்சு

கேரியர்கள் எல்லாரும் ஒரே மாதிரி செய்தி அனுப்புவதில்லை. சிலர் ஏபிஐ வழியாகத் தருவார்கள். சிலர் கம்ப்யூட்டர்கள் தமக்குள் ஆவணங்களைப் பரிமாறிக்கொள்ளப் பல பத்தாண்டுகளாக இருக்கும் ஈடிஐ முறையில் அனுப்புவார்கள். கடல்வழிச் சரக்கின் நிலையைச் சொல்ல, ஈடிஐ வகைகளில் ஒன்றான எக்ஸ்12 முறையில் `315` என்ற செய்தி இருக்கிறது. சின்ன கேரியர் ஒருவர் தினமும் இரவில் ஓர் எக்ஸெல் கோப்பை மெயிலில் அனுப்பிவைப்பார். "பெட்டி கப்பலில் ஏறியது" என்ற ஒரே விஷயம் ஒருவரிடமிருந்து `AE` என்றும், இன்னொருவரிடமிருந்து `LOAD` என்றும், மூன்றாமவரிடமிருந்து வெறும் வாக்கியமாகவும் வரும்.

இவற்றையெல்லாம் ஒரே பெயருக்குக் கொண்டுவர ஓர் ஒப்பீட்டு அட்டவணை தேவை. சலிப்பான வேலைதான், ஆனால் டவர் சரியாக இருப்பதும் பொய் சொல்வதும் இங்கேதான் முடிவாகிறது. ஓர் உதாரணம் போதும். "கேட்டிலிருந்து வெளியே போனது" என்ற நிகழ்வு ஒரே பயணத்தில் இரண்டு தடவை வரும். தொடக்கத்தில் காலிப் பெட்டி டிப்போவிலிருந்து வெளியே போகும்போது ஒரு தடவை. கடைசியில் சரக்குப் பெட்டி துறைமுகத்திலிருந்து வெளியே வரும்போது ஒரு தடவை. இரண்டுக்கும் குறியீடு ஒன்றே, `GTOT`. பெட்டி காலியா, சரக்கு உள்ளதா, எந்த ஊர்த் துறைமுகம் என்பதையும் சேர்த்துப் பார்க்காமல் குறியீட்டை மட்டும் பார்த்து அட்டவணை போட்டால், இன்னும் சரக்கே ஏற்றாத பெட்டி முதல் நாளே "துறைமுகத்தை விட்டு வந்துவிட்டது" என்று கிடங்குக்காரருக்குத் தெரியும். அவர் லாரிக்கும் சொல்லிவிடுவார்.

நேரமும் அப்படித்தான். கப்பல் 23:30-க்குக் கிளம்பியது என்று செய்தி வரும். எந்த ஊர் நேரப்படி என்பது இருக்காது. துறைமுகத்தின் உள்ளூர் நேரமா, உலகப் பொது நேரமா என்று கேரியரிடம் ஒரு தடவை கேட்டு, அட்டவணையில் எழுதி வைத்துவிட்டால் அந்தத் தொல்லை தீர்ந்தது.

கப்பலின் நிகழ்வும் பெட்டியின் நிகழ்வும்

இப்போது நான் மிகவும் சொல்ல விரும்பும் விஷயத்துக்கு வருகிறேன். டவர் பார்க்கும் வேலைக்கு வந்த எல்லாரும் முதல் வாரத்திலேயே இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன்.

கேரியர் அனுப்பும் நிகழ்வுகளில் சில கப்பலுடையவை, சில பெட்டியுடையவை. "கப்பல் கிளம்பியது" என்பது கப்பலின் நிகழ்வு. "பெட்டி ஏறியது" என்பது பெட்டியின் நிகழ்வு. எப்போதும் இரண்டும் சேர்ந்தே நடக்கும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். பெரும்பாலும் நடக்கவும் செய்கிறது. ஆனால் கப்பல் கிளம்பியும் பெட்டி யார்டிலேயே நின்றுவிடும் நாள் ஒன்று வரும். பெட்டி ரோல் ஆகிவிட்டது என்பார்கள்: இந்தக் கப்பலில் போகாமல் அடுத்ததற்குத் தள்ளப்பட்டுவிட்டது என்று அர்த்தம்.

அப்படி ஒரு பெட்டிக்கு டவருக்கு வந்த செய்திகளில் தேவையான வரிகளை மட்டும் எடுத்தால் இப்படி இருக்கும்:

```json
{"eventType": "TRANSPORT",
 "transportEventTypeCode": "DEPA",
 "eventClassifierCode": "ACT"}

{"eventType": "EQUIPMENT",
 "equipmentEventTypeCode": "LOAD",
 "eventClassifierCode": "PLN"}
```

முதல் செய்தி கப்பலைப் பற்றியது. கிளம்பியது உண்மையில் நடந்துவிட்டது, அதனால் `ACT`. இரண்டாவது பெட்டியைப் பற்றியது. ஏறுவது இன்னும் `PLN`, அதாவது திட்டத்தில்தான் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் படிக்கிறவருக்குச் செய்தி புரிந்துவிடும்: கப்பல் போய்விட்டது, பெட்டி ஏறியதாக யாரும் சொல்லவில்லை. ஆனால் "கடைசியாக வந்த உண்மையான நிகழ்வு எதுவோ அதுவே நிலை" என்று எழுதப்பட்ட டாஷ்போர்டு `DEPA`-வை மட்டும் பார்த்துவிட்டு "கடலில் பயணம்" என்று பச்சை காட்டும். அடுத்த பன்னிரண்டு நாளும் அது பச்சையாகவே இருக்கும், ஏனென்றால் கப்பல் சரியாகத்தான் போய்க்கொண்டிருக்கிறது.

வரைபடத்தில் தெரியும் கப்பல் புள்ளியும் இங்கே உதவாது. அது கப்பலின் ஏஐஎஸ் கருவி ஒலிபரப்பும் இடம். கப்பல் எங்கே என்று மிகச் சரியாகச் சொல்லும். அதற்குள் நம் பெட்டி இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது.

தரைவழியிலும் இதே கதைதான். லாரி நிலைக்கான எக்ஸ்12 செய்தி `214`. அதில் `X1` என்றால் லாரி கொடுக்க வேண்டிய இடத்துக்கு வந்துவிட்டது; `D1` என்றால் சரக்கை இறக்கி முடித்தாயிற்று. `X1` வந்ததுமே "டெலிவரி ஆனது" என்று எழுதிவிட்டால், கிடங்கு வாசலில் ஆறு மணி நேரம் காத்து நிற்கும் லாரி யார் கண்ணிலும் படாது.

ஒரு பெட்டியின் கதை

இனி ஒரு பெட்டியை எடுத்துக்கொண்டு நாள் நாளாகப் பார்ப்போம். உள்ளே 640 அட்டைப்பெட்டி உதிரிபாகம். போய்ச்சேரும் கிடங்கில் தினமும் 40 அட்டைப்பெட்டி செலவாகும். கையிருப்புக் கணக்குப்படி 31-ம் நாள் புதுச் சரக்கு கைக்கு வந்தாக வேண்டும். அதற்கு மேல் அவசரத்துக்கென்று 60 அட்டைப்பெட்டி, அதாவது ஒன்றரை நாள் சரக்கு, தனியே ஒதுக்கி வைத்திருக்கிறார்கள்.

திட்டம் இது. 3-ம் நாள் முதல் கப்பல் கிளம்பும். 10-ம் நாள் நடுத் துறைமுகத்தில் பெட்டி இறங்கும். 13-ம் நாள் இரண்டாவது கப்பல் அதை ஏற்றிக்கொண்டு கிளம்பும். 25-ம் நாள் கடைசித் துறைமுகம். 28-ம் நாள் கிடங்கு. தேவை 31, வருகை 28. கையில் மூன்று நாள் மிச்சம். இந்த மூன்று நாளை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், இதுதான் எல்லாவற்றையும் முடிவு செய்யப்போகிறது.

முதல் கப்பல் வழியில் தாமதமாகிறது. 6-ம் நாள் கேரியரிடமிருந்து புதிய கணிப்பு வருகிறது: நடுத் துறைமுகத்தில் இறங்குவது 10 அல்ல, 12-ம் நாள் மாலை. இரண்டு நாள் தாமதம் என்று மட்டும் பார்த்தால் பெரிதாகத் தெரியாது, மூன்று நாள் மிச்சம் இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் டவர் இந்தத் தாமதத்தைத் தனியாகப் பார்க்கக் கூடாது, அடுத்த மைல்ஸ்டோனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். மாலை 4 மணிக்கு இறங்கும் பெட்டி மறுநாள் விடிகாலை 4 மணிக் கப்பலைப் பிடிக்க வேண்டும். மூன்று நாளாக இருந்த இடைவெளி பன்னிரண்டு மணி நேரமாகச் சுருங்கிவிட்டது. ஏற்றும் பட்டியலைத் துறைமுகம் கப்பல் கிளம்புவதற்குப் பல மணி நேரம் முன்பே மூடிவிடும். ஆகவே 6-ம் நாளே டவரின் வேலை வரிசையில் ஒரு மஞ்சள் எச்சரிக்கை வந்து உட்கார வேண்டும்: இணைப்புத் தவறலாம்.

அன்றே ஒருவர் கேரியருக்கு எழுதிக் கேட்டார். "இணைப்பு உண்டு, பட்டியலில் இருக்கிறது" என்று பதில் வந்தது. பட்டியலில் இருப்பது என்றால் `PLN`. அதை நம்பி எச்சரிக்கையை மூடிவிடாமல், 13-ம் நாள் மறுபடி பார்க்க வேண்டும் என்று குறித்து வைத்தார். சரியாகச் செய்தார்.

13-ம் நாள் விடிகாலை 4 மணிக்குக் கப்பல் கிளம்பிய செய்தி வருகிறது. பெட்டி ஏறிய செய்தி வரவில்லை. உடனே சிவப்பு விளக்கைப் போட்டுவிடலாமா? கூடாது. நிகழ்வு நடந்த நேரம் வேறு, அந்தச் செய்தி நம் கைக்கு வந்த நேரம் வேறு. இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி கேரியருக்குக் கேரியர் மாறும். இந்தக் கேரியரின் பழைய செய்திகளை எடுத்துக் கணக்குப் பார்த்தால், ஏறிய செய்திகளில் நூற்றுக்கு 95 பத்து மணி நேரத்துக்குள் வந்திருக்கின்றன. அதனால் இவருக்கு 12 மணி நேரம் பொறுக்கலாம். இரவுக்கு ஒருமுறை மொத்தமாக அனுப்பும் இன்னொரு கேரியருக்கு 30 மணி நேரம். எல்லாருக்கும் ஒரே எண்ணைப் போட்டால் என்ன ஆகும்? ஆறு மணி நேரம் என்று வைத்தால் மெதுவான கேரியரின் எல்லாப் பெட்டியும் தினமும் சிவப்பாகும், பார்ப்பவர் இரண்டு வாரத்தில் சிவப்பைக் கண்டுகொள்வதையே விட்டுவிடுவார். 30 என்று வைத்தால் வேகமான கேரியரிடம் ஒரு நாளை வீணாக இழப்போம்.

13-ம் நாள் மாலை 4 மணிக்கு வரிசையில் ஒரு புது வரி வருகிறது. அதில் எழுதியிருப்பது இவ்வளவுதான்: "கப்பல் கிளம்பி 12 மணி நேரம் ஆயிற்று, பெட்டி ஏறிய செய்தி இல்லை. மிச்சம் 3 நாள். சரிபார்க்கவும்." யார் பார்க்க வேண்டும் என்று ஒரு பெயரும் இருக்கிறது. பெயர் இல்லாத எச்சரிக்கையை எல்லாரும் பார்ப்பார்கள், ஒருவரும் எடுக்க மாட்டார்கள்.

மௌனத்துக்கு என்ன அர்த்தம்

செய்தி வரவில்லை என்பதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, பெட்டி நிஜமாகவே ஏறவில்லை. இரண்டு, ஏறிவிட்டது, செய்திதான் எங்கோ சிக்கிக்கொண்டது. கேரியரின் இணைப்பு அறுந்திருக்கலாம். நம் பக்கம் கன்டெய்னர் எண்ணில் ஓர் எழுத்து தவறாக இருக்கலாம். சரக்கு ஏற்றும்போது ஒரு பெட்டிக்குப் பதில் வேறு பெட்டியை எடுத்திருக்க, நாம் பழைய எண்ணையே தேடிக்கொண்டிருக்கலாம். எண் தவறா என்பதைக் கண்டுபிடிப்பது சுலபம்: கன்டெய்னர் எண்ணில் நான்கு எழுத்து, ஆறு இலக்கம், கடைசியில் சோதனைக்கென்றே ஓர் இலக்கம் உண்டு, ஐஎஸ்ஓ 6346 விதிப்படி கணக்குப் போட்டால் கடைசி இலக்கம் ஒத்துவர வேண்டும். புக்கிங் உள்ளே வரும்போதே டவர் இதைச் சோதித்துவிட்டால் இந்தக் காரணத்தைப் பெரும்பாலும் தள்ளிவிடலாம்.

மற்ற காரணங்களைப் பிரிக்க அனுபவசாலிகள் செய்யும் ஒரு வேலை இருக்கிறது. போனை எடுப்பதற்கு முன்னால், அதே கப்பலில் நம்முடைய மற்ற பெட்டிகள் என்ன ஆயின என்று பார்ப்பார்கள். இந்தக் கப்பலில் நம் பெட்டி ஐந்து. எதற்குமே ஏறிய செய்தி வரவில்லை என்றால், ஐந்தும் ஒரே நாளில் நின்றுவிட்டன என்பதைவிட இணைப்பு அறுந்துபோனது என்பதே நம்பத்தகுந்தது. அது கம்ப்யூட்டர் ஆட்களின் வேலை. இங்கே நான்கு பெட்டிக்குக் காலை 6 மணிக்குள்ளேயே செய்தி வந்திருக்கிறது. ஐந்தாவதற்கு மட்டும் இல்லை. அந்த நான்கும் அதற்கு முன் வேறு கப்பலில் வந்து 9-ம் நாளே இங்கே இறங்கியவை. ஆக, இணைப்பு நன்றாக இருக்கிறது, நம் பெட்டிதான் இல்லை. பல துறைமுக முனையங்கள் தங்கள் வெப்சைட்டில் கன்டெய்னர் எண்ணைப் போட்டால் நிலையைக் காட்டும். அங்கே பார்த்தால் "யார்டில்" என்று வருகிறது.

இப்போது போன். கேட்கும் விதத்திலும் ஒரு சூட்சுமம் உண்டு. "எங்க பெட்டி எப்ப வரும்?" என்று கேட்டால் மறுமுனையில் இருப்பவரும் அதே திரையைப் பார்த்து "25-ம் தேதி, சார்" என்பார். அதனால் டவரில் இந்தப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்த பெண்மணி இப்படிக் கேட்டார்: "கப்பல் கிளம்பிடுச்சு, தெரியும். இந்தப் பெட்டிக்கு ஏறின செய்தி இல்லையே, டெர்மினல் யார்டுன்னு காட்டுது. கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க சார்." இருபது நிமிடம் கழித்துப் பதில் வந்தது: "ஆமாங்க மேடம், லேட்டா இறங்கினதால பட்டியல்ல இருந்து எடுத்துட்டாங்க. அடுத்த வெசல் 20-ம் தேதி. அதுல போட்டுடறோம்."

மாலை 5 மணிக்குள் சந்தேகம் உறுதியாகிவிட்டது.

அப்புறம் என்ன செய்வது

அடுத்த கப்பல் 20-ம் நாள் கிளம்பினால் 32-ல் துறைமுகம், 35-ல் கிடங்கு. தேவை 31. மூன்று நாள் மிச்சம் என்பது நான்கு நாள் பற்றாக்குறையாக மாறிவிட்டது. ஒதுக்கி வைத்த சரக்கு ஒன்றரை நாளைக்குத்தான் வரும். இரண்டரை நாள் கிடங்கு கைவிரிக்கும்.

இந்த இடத்தில் டவரில் இருப்பவருக்குத் தேவைப்படுவது தாமதம் எத்தனை நாள் என்ற எண் மட்டும் அல்ல. எதுவரை முடிவெடுக்கலாம் என்பதும் வேண்டும். கேரியரிடம் வேறு வழித்தடம் இருக்கிறதா என்று கேட்டார். அதே துறைமுகத்திலிருந்து 16-ம் நாள் கிளம்பும் வேறொரு கப்பல் இருக்கிறது, சற்றுச் சுற்றிப் போகும், 29-ல் சேரும், 32-ல் கிடங்கு. அதன் ஏற்றும் பட்டியல் 15-ம் நாள் மதியம் மூடும். அதாவது கிட்டத்தட்ட 43 மணி நேரம் கையில் இருக்கிறது. இன்னொரு வழி, நான்கு நாளுக்கான 160 அட்டைப்பெட்டியை மட்டும் அனுப்பும் இடத்திலிருந்து புதிதாக விமானத்தில் அனுப்புவது. நேரத்துக்கு வரும், செலவு கூடும்.

கிடங்குக்காரரைக் கேட்டதில், ஒரு நாள் தாமதத்தை ஒதுக்கி வைத்த சரக்கைக் கொண்டு சமாளிக்க முடியும் என்றார். 40 போக 20 மிஞ்சும். ஆகவே 16-ம் நாள் கப்பல் என்று முடிவானது. விமான வழியை முழுதும் மறந்துவிடவில்லை. 16-ம் நாள் பெட்டி ஏறாவிட்டால் அன்றே 160 அட்டைப்பெட்டியை விமானத்தில் ஏற்றுவது என்று குறிப்பில் எழுதிக்கொண்டார்கள்.

ஒரு கணம் பின்னால் போய்ப் பாருங்கள். கப்பலின் நிகழ்வை மட்டும் நம்பும் டாஷ்போர்டாக இருந்திருந்தால் இது 25-ம் நாள் தெரிந்திருக்கும்: கப்பல் வந்துவிட்டது, பெட்டியைக் காணோம். 16-ம் நாள் கப்பல் அப்போது நடுக்கடலைத் தாண்டியிருக்கும். மிஞ்சுவது விமானம் மட்டும்தான், அதுவும் அவசரக் கட்டணத்தில்.

கப்பல் மாறினால் அதோடு பல விஷயங்கள் மாறும், புதியவர்கள் இதைத் தவறவிடுவார்கள். இறக்குமதிக் காகிதங்களில் கப்பல் பெயரும் பயண எண்ணும் பழையதாகவே இருக்கும். கஸ்டம்ஸ் ஏஜென்டுக்குச் சொல்லித் திருத்த வேண்டும். 27-ம் நாளுக்குப் பேசி வைத்த லாரியைத் தள்ளிப்போட வேண்டும். கிடங்கில் இறக்குவதற்கு ஒதுக்கிய நேரத்தையும் மாற்ற வேண்டும். துறைமுகத்தில் பெட்டியை இலவசமாக வைத்திருக்கக் கொடுக்கும் நாட்கள் புதிய வருகையிலிருந்து எண்ணப்படும். அதற்குள் எடுக்காவிட்டால் டெமரேஜ் கட்ட வேண்டி வரும். திட்டத்திலிருந்து தவறிய ஒன்றுக்காக டவரில் திறக்கும் பதிவை எக்ஸப்ஷன் என்பார்கள்; இந்த வேலைகள் எல்லாம் அதே எக்ஸப்ஷனின் கீழே வரிசையாக இருக்க வேண்டும், ஆளுக்கொரு மெயிலில் சிதறிக் கிடக்கக் கூடாது. டவரில் புதிய திட்டம் ஒன்று எழுதப்படும், பழைய திட்டம் அழிக்கப்படாமல் பக்கத்திலேயே இருக்கும்.

எப்போது இதை மூடலாம்? "16-ம் தேதிக் கப்பலில் புக் செய்துவிட்டோம்" என்று மெயில் வந்தபோது மூடத்தான் எல்லாருக்கும் கை பரபரக்கும். நாம் ஏற்கெனவே சூடு கண்டவர்கள் அல்லவா, அந்த மெயிலுக்கு மதிப்பு `PLN` மட்டுமே. பெட்டியின் `LOAD` செய்தி `ACT` என்று வந்தால்தான் மூட வேண்டும். 16-ம் நாள் இரவு 9:20-க்கு அது வந்தது. அப்போதுதான் விமான வழியைக் கைவிட்டார்கள், அப்போதுதான் எக்ஸப்ஷனும் மூடப்பட்டது.

மூடும்போது காரணம் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும். "தாமதம்" என்று போட்டால் பிரயோஜனம் இல்லை, எல்லாமே தாமதம்தான். "முதல் கப்பல் பிந்தியதால் இணைப்புத் தவறியது" என்று எந்தத் துறைமுகம், எந்தத் தடம் என்பதோடு பதிய வேண்டும். மூன்று மாதம் கழித்து இந்தப் பதிவுகளை எடுத்துப் பார்த்தபோது, அந்த நடுத் துறைமுகத்தில் இந்த ஒரு கேரியரின் தடத்தில் மட்டும் இதே காரணம் ஆறு தடவை வந்திருந்தது. மூன்று நாள் இடைவெளி அந்தத் தடத்துக்குப் போதவில்லை. அடுத்த புக்கிங்கிலிருந்து அந்த வழியில் போகும் பெட்டிகளை ஒரு வாரம் முன்னதாகவே அனுப்ப ஆரம்பித்தார்கள்; அவசரமான சரக்கை மட்டும் நடுவில் இறங்காமல் நேரே போகும் கப்பலுக்கு மாற்றினார்கள்.

நம் பெட்டி 29-ம் நாள் துறைமுகத்தில் இறங்கி, 32-ம் நாள் காலை கிடங்குக்கு வந்து சேர்ந்தது. ஒதுக்கி வைத்ததில் 20 அட்டைப்பெட்டி மிச்சம் இருந்தது.